அகராதிச் சொற்பட்டியலை நான்கு புலங்களாகப் பிரிக்கும்போது எழும் பிழைகளும் அவற்றை நீக்கும் வழிகளும்

தட்டச்சு செய்யப்பட்ட ஒரு சொற்பட்டியலைத் தலைச்சொல், சொல்வகை, பொருள், எடுத்துக்காட்டு என்னும் நான்கு புலங்களாகப் பிரித்து விரிதாளில் இடுவது ஒரு மாலையில் முடிந்துவிடும் வேலைபோலத் தோன்றும். ஆனால் பிரித்து முடித்த பிறகு எடுத்துக்காட்டு வேறொரு சொல்லுக்குப் போயிருப்பதும், தலைச்சொல்லின் கடைசி எழுத்து உதிர்ந்திருப்பதும், ஒரே சொல் இரண்டு இடங்களில் நிற்பதும் ஒவ்வொன்றாகக் கண்ணில் படத் தொடங்கும். இத்தகைய பிழைகளை அறிகுறியிலிருந்து தொடங்கிக் காரணத்துக்குச் செல்லும் முறையில் கீழே விளக்குகிறேன். எல்லா விளக்கத்துக்கும் கீழ்வரும் இரண்டு பதிவுகளையே மூலமாக எடுத்துக்கொள்கிறேன்.

```
படி பெ. 1. மேலேறக் கால் வைக்கும் இடம். எ.கா. கடைசிப் படியில் கால் இடறியது. 2. நகல். எ.கா. விண்ணப்பத்தின் ஒரு படியை வைத்துக்கொள்.
படி வி. 1. எழுத்தை வாசி. எ.கா. அவள் கடிதத்தைப் படித்தாள். 2. தூசி முதலியன ஒன்றன்மேல் தங்கு. எ.கா. மேசைமேல் தூசி படிந்தது.
```

இந்த வரிகளில் எங்கே வெட்டுவது என்பதுதான் முதல் கேள்வி. இடைவெளியை வைத்து வெட்டினால் இரண்டு சொற்களாலான தலைச்சொல் உடைந்துவிடும். முற்றுப்புள்ளியை வைத்து வெட்டினால் ‘பெ.’ என்னும் குறுக்கமே உடையும். வரியில் நம்பத்தக்க இடம் சொல்வகைக் குறுக்கம் ஒன்றே. தலைச்சொற்களுக்கு எல்லை இல்லை, பொருளுக்கும் எடுத்துக்காட்டுக்கும் எல்லை இல்லை, ஆனால் பெயர்ச்சொல்லுக்குப் பெ., வினைச்சொல்லுக்கு வி., பெயரடைக்குப் பெ.அ., வினையடைக்கு வி.அ., இடைச்சொல்லுக்கு இ.சொ. போன்ற குறுக்கங்கள் ஒரு பட்டியலில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கும். ஆகவே குறுக்கத்தை முதலில் கண்டுபிடித்து, அதற்கு இடப்பக்கம் உள்ளதைத் தலைச்சொல் என்றும், வலப்பக்கம் உள்ளதைப் பொருளும் எடுத்துக்காட்டும் சேர்ந்த பகுதி என்றும் கொள்ள வேண்டும். இனி வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஓர் இடத்தைச் சரியாகப் பிடிக்காமல் விட்டதால் வருபவை.

அறிகுறி: கோப்பைத் திறந்தவுடன் தமிழுக்குப் பதிலாக வேறு எழுத்துகள் தெரிகின்றன

இதை முதலில் தீர்க்காமல் வேறு எதையும் தொடக் கூடாது. எழுத்துகள் `à®` என்றும் `à¯` என்றும் திரும்பத் திரும்பத் தொடங்கினால் கோப்பு பழுதாகவில்லை. UTF-8 முறையில் சேமிக்கப்பட்ட கோப்பை விரிதாள் வேறு குறிமுறையாக எண்ணித் திறந்திருக்கிறது என்று பொருள். கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காமல், விரிதாளின் தரவு இறக்குமதி வழியாகச் சென்று, குறிமுறையாக `65001: Unicode (UTF-8)` என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். தவறாகத் திறந்த கோப்பை அப்படியே சேமித்துவிட்டால் மூலம் கெட்டுவிடக்கூடும். ஆகையால் மூலக் கோப்பின் நகல் ஒன்றைத் தனியாக வைத்திருங்கள்.

அவ்வாறின்றி, தமிழ் என்னும் சொல் இருக்க வேண்டிய இடத்தில் `jkpo;` என்று தெரிந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட பட்டியல். அதை ஒருங்குறிக்கு மாற்றிய பிறகே பிரிக்கத் தொடங்க வேண்டும்.

இறக்குமதி செய்யும் அதே திரையில் எல்லா நெடுவரிசைகளையும் ‘உரை’ என்னும் வகையாக அமைத்துவிடுவது நல்லது. ‘-ஆக’, ‘-இல்’ போன்ற ஈறுகளைத் தலைச்சொல்லாகக் கொண்ட பட்டியல்களில், முன்னால் நிற்கும் சிறு கோட்டைக் கழித்தல் குறி என்று விரிதாள் எடுத்துக்கொண்டு, கட்டத்தில் `#NAME?` என்று காட்டும். உரை வகை இதைத் தடுக்கும். பிரிப்பானாகக் காற்புள்ளியை வைக்காமல் டேப் குறியை வையுங்கள். பொருள் விளக்கத்தில் காற்புள்ளி வராத பதிவுகள் குறைவு. காற்புள்ளியால் பிரித்த கோப்பில் பொருள் பாதியில் அறுந்து அடுத்த நெடுவரிசைக்கு ஓடிவிடும்.

அறிகுறி: தலைச்சொல் ‘படி’ என்பது ‘பட’ என்று வந்திருக்கிறது, அல்லது பொருள் ஒரு புள்ளிவட்டத்தோடு தொடங்குகிறது

தமிழ்ப் பட்டியலைப் பிரிப்பவர் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது சந்திக்கும் பிழை இதுதான். இதன் காரணத்தைப் புரிந்துகொண்டால் மற்றப் பலவும் தெளியும். ‘படி’ என்பது நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து. கணினிக்கு அது ப, ட, பிறகு இகரக் குறி ஆகிய மூன்று குறியீடுகள். பைத்தான் மொழியின் `re` தொகுதியில் `\w` என்பது எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் மட்டுமே ஏற்கும். உயிர்க்குறிகளும் மெய்ப்புள்ளியும் ஒருங்குறியில் எழுத்து என்ற வகையில் இல்லாமல் சேர்குறி என்ற வகையில் இருப்பதால், அவற்றை அது ஏற்பதில்லை. எனவே `\w+` என்று எழுதித் தலைச்சொல்லைப் பிடிக்க முயன்றால் முதல் உயிர்க்குறி வந்தவுடன் அது நின்றுவிடும். ‘படி’ என்பது ‘பட’ ஆகும். ‘மாடு’ என்பது ‘ம’ ஆகும். சொல்லின் எல்லையைக் குறிக்கும் `\b` என்பதும் இதே காரணத்தால் சொல்லின் நடுவில் எல்லை இருப்பதாகக் காட்டும்.

இந்தப் பிழையின் கொடுமை என்னவென்றால், ‘பட’, ‘மர’, ‘கட’ என்று உதிர்ந்து நிற்பவையும் பார்வைக்குத் தமிழ்ச் சொற்களாகவே தெரியும். அவசரமாகப் பார்ப்பவர் கடந்துபோய்விடுவார். நான் முதன்முதலில் ஒரு பட்டியலைப் பிரித்தபோது, தலைச்சொற்களில் ஒன்றுகூட மெய்யெழுத்தில் முடியவில்லை என்பதைப் பல நாள் கழித்துத்தான் கவனித்தேன். இதை உடனே அறிய ஒரு வழி உண்டு. தலைச்சொல் நெடுவரிசையில் மெய்ப்புள்ளியில் முடியும் சொற்களை வடிகட்டிப் பாருங்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் உங்கள் வெட்டு தவறானது. மரம், கால், கண், ஊர் என்று மெய்யில் முடியும் சொற்கள் இல்லாத தமிழ்ச் சொற்பட்டியல் இருக்க முடியாது.

நீக்கும் வழி எளிது. `\w` என்பதைப் பயன்படுத்தாமல், தமிழ்க் குறியீடுகள் முழுவதையும் உள்ளடக்கும் `[\u0B80-\u0BFF]` என்னும் வரம்பைப் பயன்படுத்தலாம். அல்லது தலைச்சொல் எப்படி இருந்தாலும் சரி, குறுக்கம் வரும்வரை உள்ளது எல்லாம் தலைச்சொல்தான் என்று விட்டுவிடலாம். இரண்டாவது வழியையே நான் விரும்புகிறேன்; ஏனெனில் இரண்டு சொற்களாலான தலைச்சொற்களும் சிறு கோடு உள்ளவையும் அதில் பிழைத்துக்கொள்ளும்.

புள்ளிவட்டம் இதே பிழையின் மறுமுகம். பொருள் நெடுவரிசையில் ‘◌்டி’ என்பதுபோல ஒரு வட்டத்தின்மேல் குறி நின்றால், வெட்டு ஓர் எழுத்தின் நடுவில் விழுந்திருக்கிறது. பெரும்பாலும் இதற்குக் காரணம், ரெகுலர் எக்ஸ்பிரஷனில் ‘பெ.’ என்று எழுதும்போது புள்ளிக்கு முன்னால் `\` இடாமல் விட்டதுதான். அங்கே வெறும் புள்ளிக்கு ‘ஏதேனும் ஒரு குறியீடு’ என்று பொருள். ‘பெட்டி’ என்னும் தலைச்சொல்லில் ‘பெட’ என்பதையே சொல்வகைக் குறுக்கம் என்று அது பிடித்துக்கொள்ள, மீதமுள்ள ‘◌்டி’ பொருளுக்குள் போய்விடுகிறது. `பெ\.` என்று எழுதினால் சரியாகிவிடும்.

அறிகுறி: சொல்வகை ‘பெ.’ என்று இருக்கிறது, பொருளோ ‘அ.’ என்று தொடங்குகிறது

பெயரடைகளுக்கும் வினையடைகளுக்கும் மட்டும் வரும் பிழை இது. மூலத்தில் சில இடங்களில் ‘பெ.அ.’ என்று சேர்த்தும், சில இடங்களில் ‘பெ. அ.’ என்று இடைவெளி விட்டும் தட்டச்சு செய்திருப்பார்கள். பலர் பகிர்ந்து தட்டச்சு செய்த பட்டியலில் இது தவிர்க்க முடியாதது. இடைவெளி உள்ள இடத்தில் ‘பெ.’ என்னும் சிறிய குறுக்கம் பொருந்திவிட, ‘அ.’ மட்டும் எஞ்சிப் பொருளோடு ஒட்டிக்கொள்கிறது. இதற்கு இரண்டு திருத்தங்கள் சேர்ந்தே வேண்டும்: இடையில் இடைவெளி இருக்கலாம் என்பதற்கு `\s*` சேர்க்க வேண்டும், நீளமான குறுக்கங்களைச் சிறியவற்றுக்கு முன்னால் எழுத வேண்டும். மாற்று வடிவங்களை இடமிருந்து வலமாகவே கணினி முயன்றுபார்க்கும் என்பதால், ‘பெ.’ முதலில் நின்றால் ‘பெ. அ.’ என்பதற்கு வாய்ப்பே கிடைக்காது.

```
import re

pat = (r'^(.+?)\s+'
       r'(பெ\.\s*அ\.|வி\.\s*அ\.|இ\.\s*சொ\.|பெ\.|வி\.)'
       r'\s+(.+)$')
m = re.match(pat, line)
if m:
    head, pos, rest = m.groups()
```

பிரித்த பிறகு சொல்வகை நெடுவரிசையில் என்னென்ன மதிப்புகள் வந்திருக்கின்றன, ஒவ்வொன்றும் எத்தனை முறை என்று ஒரு பட்டியல் எடுங்கள். ஐந்து குறுக்கங்கள் உள்ள அகராதியில் ஐந்து மதிப்புகள் மட்டுமே வர வேண்டும். ‘பெ. அ.’ தனியாகவும் ‘பெ.அ.’ தனியாகவும் நின்றால் இடைவெளிகளை நீக்கி ஒன்றாக்குங்கள். இந்த வடிவத்துக்குப் பொருந்தாத வரிகளைத் தூக்கி எறியாமல், வரி எண்ணோடு தனிக் கோப்பில் சேர்த்து வையுங்கள். ‘பெ’ என்று புள்ளி இல்லாமலும், ‘பே.’ என்று நெடிலாகவும் தட்டச்சு செய்யப்பட்டவை அங்கேதான் வந்து சேரும். அவை சிலவாகவே இருக்கும் என்பதால் கையாலேயே திருத்திவிடலாம்.

அறிகுறி: சில பதிவுகளின் பொருள் அளவுக்கு மீறி நீண்டிருக்கிறது, அல்லது ‘சொல்’ அல்லாத ஒன்று தலைச்சொல்லாக நிற்கிறது

அச்சுப் பக்கத்திலிருந்து எடுத்த பட்டியலில் ஒரு பதிவு இரண்டு மூன்று வரிகளுக்கு மடங்கியிருக்கும். மேலே சொன்ன தட்டச்சுப் பிழைகளைத் திருத்திய பிறகு அவற்றை ஒன்றுசேர்க்கும் விதி இது: சொல்வகைக் குறுக்கத்தோடு பொருந்தும் வரி புதிய பதிவு, பொருந்தாத வரி முந்தைய பதிவின் தொடர்ச்சி. விதி நல்லதுதான், ஆனால் இரண்டு இடங்களில் ஏமாற்றும்.

முதலாவது, ‘ஆகவே பார்க்க ஆகையால்’ என்பதுபோல வேறொரு பதிவைச் சுட்டும் வரிகளில் சொல்வகை இருக்காது. விதிப்படி அவை முந்தைய பதிவின் பொருளோடு ஒட்டிக்கொள்ளும். எனவே ஒன்றுசேர்ப்பதற்கு முன்பே, ‘பார்க்க’ என்பதை நடுவில் கொண்ட மூன்று சொல் வரிகளைத் தனியே பிரித்து எடுத்துவிட வேண்டும். ‘படம் பார்க்க வந்தான்.’ என்று மடங்கிய எடுத்துக்காட்டு வரியும் அவற்றோடு வரக்கூடும். இறுதியில் முற்றுப்புள்ளி நிற்பதைக் கொண்டு அதைக் கண்டுகொள்ளலாம்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்றில் ஒருவருடைய பெயரின் தலைப்பெழுத்தாக ‘வி.’ அல்லது ‘பெ.’ வந்து, அந்தப் பகுதி புதிய வரியின் தொடக்கத்தில் விழுந்தால், ‘ஆசிரியர்’ என்பது தலைச்சொல்லாகவும், ‘வி.’ சொல்வகையாகவும், பெயரின் மீதிப் பகுதி பொருளாகவும் அழகாகப் பிரிந்து நிற்கும். எந்தப் புலமும் காலியாக இல்லாததால் வேறு எந்தச் சோதனையிலும் இது அகப்படாது. இதைக் காட்டிக்கொடுப்பது அகரவரிசைதான். பகரச் சொற்களின் நடுவே ‘ஆசிரியர்’ என்று ஒரு தலைச்சொல் நின்றால் அது எடுத்துக்காட்டிலிருந்து தவறி வந்தது. இந்தச் சோதனைக்கு முதல் எழுத்தை மட்டும் முந்தைய தலைச்சொல்லின் முதல் எழுத்தோடு ஒப்பிட்டால் போதும். முழுச் சொல்லையும் கணினியின் குறியீட்டு வரிசைப்படி ஒப்பிடாதீர்கள். அந்த வரிசையில் ன என்பது ந-வை அடுத்தும், ற என்பது ர-வை அடுத்தும் வருவதோடு, ‘க்’ என்பது ‘கௌ’ என்பதற்கும் பின்னால் போய்விடுவதால், சரியான பதிவுகளையும் தவறு என்று அது காட்டும்.

வரிகளை ஒன்றுசேர்க்கும் இடத்தில் வெறும் இடைவெளியை இடாமல் `¶` போன்ற ஓர் அடையாளத்தை இட்டு வைப்பது என் வழக்கம். தமிழில் வரி இறுதியில் சொல் உடையும்போது இணைப்புக் கோடு இடும் பழக்கம் பரவலாக இல்லை. ‘வைத்துக்’ என்று ஒரு வரி முடிந்து ‘கொள்.’ என்று அடுத்த வரி தொடங்கினால், இடைவெளி வேண்டுமா வேண்டாமா என்பதைக் கணினி முடிவு செய்ய முடியாது. அடையாளம் இருந்தால் அந்த இடங்களை மட்டும் தேடிப் பார்த்து நாம் முடிவு செய்யலாம்.

அறிகுறி: எடுத்துக்காட்டு சரியான தலைச்சொல்லின்கீழ் இருக்கிறது, ஆனால் வேறு பொருளுக்கு உரியதாக இருக்கிறது

மேலே காட்டிய முதல் பதிவை நான்கு புலங்களில் நேரடியாக இட்டால், பொருள் கட்டத்தில் ‘மேலேறக் கால் வைக்கும் இடம். நகல்.’ என்றும், எடுத்துக்காட்டுக் கட்டத்தில் இரண்டு வாக்கியங்கள் ஒன்றன்பின் ஒன்றாகவும் நிற்கும். எந்த வாக்கியம் எந்தப் பொருளுக்கு என்பது மூலத்தில் தெளிவாக இருந்தது. நம் கையால் அது அழிந்துவிட்டது. ‘விண்ணப்பத்தின் ஒரு படி’ என்பதைப் படிக்கட்டுக்கான எடுத்துக்காட்டாகப் பின்னால் யாரேனும் எடுத்துக்கொண்டால் அந்தப் பிழை நம்முடையது.

இதற்கு ஒரே தீர்வு, ஒரு பதிவுக்கு ஒரு வரிசை என்பதை விட்டு, ஒரு பொருளுக்கு ஒரு வரிசை என்று வைப்பது. நான்கு புலங்களோடு பதிவு எண், பொருள் எண் என்னும் இரண்டு துணைப் புலங்களைச் சேர்த்துக்கொண்டால் எதுவும் தொலையாது.

```
nums = re.findall(r'(?:^|[\s¶])(\d+)\.[\s¶]+', rest)
senses = re.split(r'(?:^|[\s¶])\d+\.[\s¶]+', rest)
for s in filter(str.strip, senses):
    meaning, _, example = s.partition('எ.கா.')
```

முதலில் பொருள் எண்ணை வைத்து வெட்ட வேண்டும். அதன் பிறகே ‘எ.கா.’ என்பதை வைத்து வெட்ட வேண்டும். வரிசை மாறினால் முதல் எடுத்துக்காட்டுக்குப் பின்னால் உள்ளது எல்லாமே எடுத்துக்காட்டாகிவிடும். ‘போட்டி நடந்தது 1998. அதன் பிறகு’ என்பதுபோல எடுத்துக்காட்டுக்குள் ஓர் எண்ணும் புள்ளியும் வந்தால் அங்கும் வெட்டு விழும். ஆகவே `nums` பட்டியலில் உள்ள எண்கள் 1, 2, 3 என்று இடையறாமல் வருகின்றனவா என்று பார்த்து, வராத பதிவுகளைக் கையால் திருத்த வேண்டும்.

இப்போது இரண்டாவது பதிவைப் பாருங்கள். அங்கே பொருள்வாரியாகப் பிரித்தாலும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. முதல் எடுத்துக்காட்டில் ‘படித்தாள்’ என்றும், இரண்டாவதில் ‘படிந்தது’ என்றும் வந்திருக்கிறது. ஒரே வினைக்கு இறந்தகாலத்தில் இப்படி இருவேறு வடிவங்கள் வருவது அரிது. எனவே இவை ஒரு சொல்லின் இரண்டு பொருள்கள் அல்ல, வடிவம் ஒத்த இரண்டு சொற்கள். பட்டியலைத் தொகுத்தவர் இரண்டையும் ஒரே பதிவில் இட்டுவிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இத்தகைய வினைகளைப் ‘படி-தல்’, ‘படி-த்தல்’ என்று ஈற்றோடு காட்டி வேறுபடுத்துவது இதற்காகத்தான். பகுதியை மட்டும் தலைச்சொல்லாக வைத்த பட்டியலில் அந்த வேறுபாடு எடுத்துக்காட்டில் மட்டுமே ஒளிந்திருக்கும். சேர் என்பதில் ‘சேர்ந்தான்’, ‘சேர்த்தான்’ என்று வருவதும் இப்படியே.

ஆகையால் வினைப் பதிவுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் உள்ளவற்றை மட்டும் வடிகட்டி, எடுத்துக்காட்டுகளில் வினையின் காலம் காட்டும் வடிவம் ஒன்றாக இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். இது கணினியிடம் விடக்கூடிய வேலை அன்று. மொழி அறிந்தவர் செய்ய வேண்டியது. வேறுபட்டால் தனிப் பதிவு எண் கொடுங்கள். இரண்டு பதிவுகளும் கடைசியில் இப்படி அமையும்.

```
பதிவு | தலைச்சொல் | வகை | எண் | பொருள் | எடுத்துக்காட்டு
101 | படி | பெ. | 1 | மேலேறக் கால் வைக்கும் இடம். | கடைசிப் படியில் கால் இடறியது.
101 | படி | பெ. | 2 | நகல். | விண்ணப்பத்தின் ஒரு படியை வைத்துக்கொள்.
102 | படி | வி. | 1 | எழுத்தை வாசி. | அவள் கடிதத்தைப் படித்தாள்.
103 | படி | வி. | 1 | தூசி முதலியன ஒன்றன்மேல் தங்கு. | மேசைமேல் தூசி படிந்தது.
```

வடிவம் ஒத்த சொற்களைப் பிரித்தறிய ‘படி1’, ‘படி2’ என்று தலைச்சொல் கட்டத்துக்குள்ளேயே எண்ணை எழுதிவிடாதீர்கள். அந்த வேலையைப் பதிவு எண் செய்துவிடும். தலைச்சொல் கட்டத்தில் சொல் மட்டும் இருந்தால்தான் தேடும்போது கிடைக்கும்.

அறிகுறி: கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் சொல்லைத் தேடினால் கிடைப்பதில்லை, ஒரே சொல் இரண்டு இடங்களில் நிற்கிறது

‘கொடி’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். பக்கத்துக் கட்டத்தில் `=LEN(B2)` என்று எழுதிப் பார்த்தால் 4 என்று வர வேண்டும்: க, ஒகரக் குறி, ட, இகரக் குறி. அதே ‘கொடி’ இன்னொரு வரிசையில் 5 என்று காட்டினால், அங்கே ஒகரக் குறி ஒன்றாக இல்லாமல், எகரக் கொம்பும் காலும் தனித்தனியாகத் தட்டச்சு செய்யப்பட்டிருக்கின்றன. திரையில் எந்த வேறுபாடும் தெரியாது. ஒருங்குறியின் என்எஃப்சி என்னும் ஒழுங்காக்கம் இவை இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

```
import unicodedata
text = unicodedata.normalize('NFC', text)
```

இதைச் செய்த பிறகும் 5 என்றே நின்றால், காலுக்குப் பதிலாக ரகரத்தைத் தட்டச்சு செய்திருக்கிறார்கள்: அது ‘கெரடி’. சில எழுத்துருக்களில் காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றுவதால் மெய்ப்பு பார்த்தவரும் ஏமாந்திருப்பார். ஔகாரத்திலும் இதே கதைதான். ‘ஔவை’ என்பது 3 குறியீடுகள். ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு எழுதிய ‘ஒளவை’ 4 குறியீடுகள். இவ்விரண்டையும் ஒழுங்காக்கம் தொடாது, ஏனெனில் கணினியைப் பொறுத்தவரை அவை வேறு எழுத்துகளே. ‘ெர’, ‘ஒள’ என்று வரும் தலைச்சொற்களைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். ‘ஒளி’ போன்ற முறையான சொற்களும் அதில் வரும் என்பதால் மொத்தமாக மாற்றிவிடக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத குறியீடுகளும் இதே அறிகுறியைத் தரும். கோப்பின் முதல் தலைச்சொல் மட்டும் தேடலில் அகப்படவில்லை என்றால் அதன் முன்னால் `U+FEFF` ஒட்டியிருக்கிறது. பைத்தானில் `utf-8-sig` என்னும் குறிமுறையில் திறந்தால் அது போய்விடும். `U+200C` என்பதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நீக்காதீர்கள். ‘ரிக்‌ஷா’ என்பதில் ககர மெய்யும் ஷகரமும் கூட்டெழுத்தாகிவிடாமல் தடுக்கப் பலர் அதை வேண்டுமென்றே இடுகிறார்கள். தலைச்சொல்லை அப்படியே விட்டு, ஒப்பிடுவதற்கு மட்டும் அந்தக் குறி நீக்கிய நகல் ஒன்றைத் தனி நெடுவரிசையில் வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது.

அறிகுறி: எடுத்துக்காட்டில் தலைச்சொல்லே காணப்படவில்லை

தலைச்சொல்லை எடுத்துக்காட்டில் அப்படியே தேடினால் பெரும்பாலான பதிவுகள் தவறு என்று வரும்; மரம் என்பது ‘மரத்தில்’ ஆகவும், வா என்பது ‘வந்தான்’ ஆகவும், செல் என்பது ‘சென்றாள்’ ஆகவும் வாக்கியத்தில் மாறி நிற்கும். ஆகவே சோதனையைத் தளர்த்த வேண்டும்: தலைச்சொல்லின் முதல் குறியீட்டோடு தொடங்கும் சொல் ஒன்றாவது எடுத்துக்காட்டில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ‘நான்’ என்பதற்கு ‘என்னை’ என்று வரும் எடுத்துக்காட்டும், ‘மாடிப்படியில்’ என்று கூட்டுச்சொல்லுக்குள் மறைந்த படியும் தவறாகச் சுட்டப்படும். அவை மிகச் சில.

சுட்டப்பட்ட வரிசைகள் எங்கே விழுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் அவை தனித்தனிப் பிழைகள். ஓர் இடத்தில் தொடங்கி வரிசையாகத் தொடர்ந்தால், அந்த இடத்தில் ஒரு கட்டம் நீக்கப்பட்டோ சேர்க்கப்பட்டோ நெடுவரிசை முழுவதும் ஒரு படி நகர்ந்திருக்கிறது. தொடங்கும் இடத்துக்குச் சென்று பார்த்தால் காரணம் அங்கேயே கிடைக்கும். தொடக்கம் முதல் இறுதிவரை எல்லாமே சிதறியிருந்தால், யாரோ ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசைப்படுத்தியிருக்கிறார்கள். அதைத் திருத்த முயல வேண்டாம்; மூலத்திலிருந்து மீண்டும் பிரிப்பதே விரைவானது.

அறிகுறி எதுவும் இல்லை. ஆனால் ஏதேனும் விடுபட்டிருக்குமோ என்ற ஐயம் இருக்கிறது

பிரித்த புலங்களை மீண்டும் ஒட்டி மூலத்தோடு ஒப்பிடுங்கள். இடைவெளி, எண், புள்ளி, ‘எ.கா.’ ஆகியவற்றை இரு பக்கத்திலும் நீக்கிவிட்டால், எஞ்சும் எழுத்துகள் ஒன்றுபோல இருக்க வேண்டும்.

```
def bare(t):
    return re.sub(r'எ\.கா\.|[\s\d.¶]', '', t)

joined = head + pos + ''.join(m + e for m, e in pairs)
if bare(joined) != bare(line):
    print(number, line)
```

இங்கே `pairs` என்பது ஒரு பதிவின் பொருளும் எடுத்துக்காட்டுமான இணைகள், `number` என்பது அதன் வரி எண். ஒரு பதிவைக் கையால் திருத்துவதற்கும், வடிவம் ஒத்த சொற்களைத் தனித்தனிப் பதிவுகளாகப் பிரிப்பதற்கும் முன்பே இந்த ஒப்பீட்டைச் செய்துவிட வேண்டும். பின்னால் செய்தால் நம் திருத்தங்களும் வேறுபாடுகளாகத் தெரியும். இலக்கங்களை இரு பக்கத்திலும் நீக்குவதால், எடுத்துக்காட்டுக்குள் இருந்த ஓர் ஆண்டு தொலைந்திருந்தால் இது காட்டாது. பொருள் எண்கள் தொடர்ச்சியாக வருகின்றனவா என்று முன்பு பார்த்த சோதனையே அந்த இடத்தைப் பிடிக்கும்.